ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

அன்னவாசல், இலுப்பூர், கந்தர்வகோட்டை என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் பேதி என்றால் முதலில் கைக்கு வருவது ஓஆர்எஸ் பொட்டலம்தான். வாங்கி வந்ததும் கிழித்துவிடாமல், ஒரு நிமிடம் அதைத் திருப்பி, பின்பக்கம் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். எப்படிக் கலக்க வேண்டும், ஏன் அப்படிக் கலக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவை என்றால் நான்கு பொருள்கள் இருக்கும். சோடியம் குளோரைடு 2.6 கிராம், இது நம் சமையல் உப்புதான். பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸ் 13.5 கிராம், சில பொட்டலங்களில் டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. கூட்டினால் 20.5 கிராம். முதல் மூன்றையும்தான் எலக்ட்ரோலைட் என்கிறார்கள்: தண்ணீரில் கரைந்ததும் மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரியும் உப்புகள். பேதியில் உடம்பு வெறும் தண்ணீரை மட்டும் இழப்பதில்லை. சோடியமும் பொட்டாசியமும் கூடவே போகின்றன. அதனால்தான் வயிறு உப்பிக்கொள்கிறது, கை கால் துவள்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுவதைச் சரிக்கட்டுவது சிட்ரேட்டின் வேலை.

அப்படியானால் உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் போதாதா, பேதிக்காரருக்குச் சீனி எதற்கு என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள செல்களில் ஒரு வாசல் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே எடுக்கும். குளுக்கோஸ் இல்லாமல் வந்த சோடியத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. ஆகவே இந்தக் கரைசலில் இனிப்பு ருசிக்காகவோ தெம்புக்காகவோ சேர்க்கப்படவில்லை. உப்பை உள்ளே கொண்டுபோக அது வேண்டும். காலரா நஞ்சு குடலின் மற்ற வழிகளைக் கெடுத்துத் தண்ணீரை வெளியே கொட்டவைக்கும்போதுகூட இந்த ஒரு வாசல் பழுதாவதில்லை. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலாநபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் அளந்து கரைத்து உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றியது இந்த வாசலை நம்பித்தான்.

இனி கலக்கும் முறை. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகு பொடியைக் கொட்டுங்கள். கரைத்த பின் சூடாக்கக் கூடாது. பேதி வந்த வீட்டில் குழாய்த் தண்ணீரை அப்படியே நம்பக் கூடாது. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான், தலித் மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மன்னிக்க முடியாத கொடுமை அது. ஓஆர்எஸ் இழந்த நீரை ஈடுகட்டும். கெட்ட தண்ணீரை நல்லதாக்காது.

அடுத்து அளவு. தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான். 20.5 கிராம் பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், முழுதாக. வீட்டுச் சொம்பு எவ்வளவு பிடிக்கும் என்று ஊகிக்க வேண்டாம். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கழுவி அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கடைகளில் உண்டு, எடை நாலு கிராம் சொச்சம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துவிட்டால் கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகும். சரியாகக் கலந்தால் ஓஆர்எஸ் ரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருக்கும், அதனால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகும். கெட்டியானால் திசை மாறி, உடம்பின் தண்ணீர் குடலுக்குள் இழுபடும். பேதி கூடும். ரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். பொட்டலத்தில் பாதியை இன்றைக்கு, மீதியை நாளைக்கு என்று பிரிப்பதும் தவறு. நான்கு பொருளும் சம விகிதத்தில் பிரியாது. கரைத்ததை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கொடுப்பதற்கு ஒரு கணக்கு பார்ப்போம். இரண்டு வயதுப் பிள்ளை, எடை 10 கிலோ. காலையிலிருந்து பேதி, கண் குழிந்திருக்கிறது, தண்ணீரைக் கண்டால் தாவுகிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது. நீர் வற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுகாதார நிலையத்தில் உட்கார வைத்து, கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில் 750 மில்லியை நாலு மணி நேரத்தில் கொடுக்கச் சொல்வார்கள். மணிக்கு ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவு. சின்ன ஸ்பூனால் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. தாகத்தில் மடமடவென்று குடிக்கவிட்டால் வாந்தி வரும். வந்தாலும் நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். நாலு மணி நேரம் கழித்துத் தோல் சட்டென்று படிந்து, பிள்ளை சிறுநீர் கழித்தால் நீர் உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு வீட்டில் ஒவ்வொரு பேதிக்கும் அரை முதல் ஒரு டம்ளர். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் கால் முதல் அரை டம்ளர். தாய்ப்பாலும் சோறும் தொடரட்டும். கூடவே தரும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. கேட்கவில்லையே என்று அதைக் கைவிடும் தாய்மார்கள் பலர். நீர் வற்றாமல் காப்பதுதான் அதன் வேலை.

நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் பொடியுப்பு. கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை, ஆகவே விடியும்வரைக்கான ஏற்பாடுதான். உப்பிட்ட நொய்க்கஞ்சியும் நல்லதே. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வாசலைத் திறக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, எனவே அது மட்டும் போதாது. கலர், அட்டைப்பெட்டிப் பழச்சாறு வேண்டவே வேண்டாம்: உப்பு அற்பம், சீனி அளவுக்கு மேல். உள்ளே போக முடியாத சீனி குடலில் தங்கித் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இப்படிப்பட்ட பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரோடு விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. பெயரைப் பார்க்காமல், அந்த நான்கு பொருளும் அதே அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை கூப்பிட்டால் விழிக்காமல் துவண்டு கிடக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள்.