துறைத் தேர்வும் பதவி உயர்வுப் பட்டியலும்: ஓர் இளநிலை உதவியாளருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

பவானிசாகர் பயிற்சியை முடித்துத் திரும்பியாயிற்று, துறைத் தேர்வை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாமே' என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று யாரும் எல்லை போடவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, மே, டிசம்பர் என்று தேர்வு வரும். தேறாவிட்டால் மறுபடி பணம் கட்டி எழுதலாம். ஆனாலும் பணியமைப்புப் பிரிவில் பல காலம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வார்த்தையை நம்பித்தான் பாதிப் பேர் இளையவர்களுக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லை முயற்சிக்கு இல்லை, தேதிக்கு இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் ஆண்டுதோறும் தயாராகும். அதில் யாரைச் சேர்ப்பது என்று பார்ப்பதற்கு ஒரு நாள் குறித்திருப்பார்கள். அலுவலகத்தில் அதைக் 'குரூஷியல் டேட்' என்றே சொல்வோம். அந்த நாளில் நீங்கள் முழுத் தகுதியோடு இருக்க வேண்டும். மறுநாள் தகுதி வந்தாலும் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்குத்தான். இந்த நாள் துறைக்குத் துறை மாறும், பதவிக்குப் பதவியும் மாறும். உங்கள் பதவிக்கு எது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் துறையில் அந்த நாள் மார்ச் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவியும் மாலாவும் ஒரே தொகுதியில் சேர்ந்தவர்கள், முதுநிலையில் ரவி ஒரு படி மேலே. உதவியாளர் பதவிக்கு இரண்டு தேர்வுகள் வேண்டும்: சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு முதல் பகுதி, அலுவலக நடைமுறை நூல் தேர்வு. மாலா 2023 டிசம்பரில் இரண்டையும் முடித்துவிட்டார். ரவிக்கு அலுவலக நடைமுறை தேறிற்று, கணக்குத் தேர்வு போயிற்று. 2024 மே மாதம் அதையும் தேறிவிட்டார். வித்தியாசம் ஐந்து மாதம்தான். ஆனால் மார்ச் 15 நடுவில் விழுந்துவிட்டது. 2024 பட்டியலில் மாலா இருக்கிறார், ரவி இல்லை. ரவிக்கு 2025 பட்டியல்தான். உதவியாளர் முதுநிலையில் இனி மாலா மூத்தவர், ரவி இளையவர். இளநிலை உதவியாளராக இருந்த காலத்து வரிசையைக் காட்டி அதைத் திருப்பிக் கேட்க முடியாது, ஏனென்றால் குறித்த நாளில் அவருக்குத் தகுதி இல்லை.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் இது பெரிய நஷ்டமாகத் தோன்றாது. இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் ரூ.19,500-இல் தொடங்குகிறது, உதவியாளருக்கு ரூ.20,600-இல். 'ஆயிரத்துச் சொச்சம்தானே' என்று பலர் அலட்சியமாக இருப்பது இதனால்தான். அடி பிறகு விழுகிறது. கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்டியல் போடும்போது காலியிடம் நாலைந்துதான் இருக்கும். அங்கே வரிசையில் ஒரு படி கீழே இருந்தால், ஓராண்டு தாமதம் நான்காண்டாகப் பெருகலாம். ஓய்வுபெறும்போது எந்தப் பதவியில் ஓய்வுபெறுகிறோம் என்பதையே அது மாற்றிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிசம்பரில் எழுதியதற்கு முடிவு எப்போது வரும்? தேர்வின் கடைசி நாளுக்கு மறுநாள் முதல் தேறியதாகக் கொள்வதுதான் வழக்கம். ஆனால் முடிவு வருமுன்பே பிரிவில் பட்டியல் தயாராகிவிட்டால், உங்கள் பெயரை யாரும் தேடிப் போய்ச் சேர்க்க மாட்டார்கள். தேர்வு முடிவு வந்த அன்றே, தேர்வு நடந்த நாளைச் சுட்டிக்காட்டி, உரிய வழியாக ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொன்னது கோப்பில் நிற்காது.

எந்தத் தேர்வு தேவை என்று பக்கத்து இருக்கையில் கேட்காதீர்கள். உங்கள் பணிக்கென்று சிறப்பு விதிகள் இருக்கின்றன, அவற்றில் எந்தப் பதவிக்கு எந்தத் தேர்வு என்று எழுதியிருக்கும். திருத்தங்களும் வந்திருக்கும், அவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வருவாய்த் துறையில் இருப்பவருக்கு வருவாய்த் தேர்வுகளும் பின்னால் சட்டத் தேர்வும் வரும், பள்ளிக் கல்வித் துறையில் இருப்பவருக்கு வேறு. கணக்குத் தேர்விலேயே சார்நிலை அலுவலர்களுக்கு ஒன்று, செயல் அலுவலர்களுக்கு ஒன்று என இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது மாற்றிக் குறித்து, தேர்வு மண்டபத்தில் தாளைப் பார்த்த பிறகு விழிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. அறிவிக்கையில் ஒவ்வொரு தேர்வுக்கும் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணையும் சிறப்பு விதியில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

அதே அறிவிக்கையில் எந்தத் தாளைப் புத்தகத்தோடு எழுதலாம், எதைப் புத்தகமில்லாமல் எழுத வேண்டும் என்பதும் இருக்கும். புத்தகம் உண்டு என்றால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்படை விதிகள், நிதி விதித்தொகுப்பு, கருவூல விதித்தொகுப்பு எல்லாம் தடிமனானவை. எந்த விதி எந்த நூலில் இருக்கிறது என்று தெரியாதவருக்குத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். பதவி உயர்வில் ஊதியம் நிர்ணயிக்கும் அடிப்படை விதி 22-பி மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் அலுவலகத்திலேயே அண்மையில் உதவியாளரான ஒருவரின் ஊதிய நிர்ணய ஆணையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விதி மனதில் பதிவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தேர்வு மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரடி நியமனத்தில் வந்தவருக்குத் தகுதிகாண் பருவம், தொடர்ச்சியான மூன்றாண்டுக்குள் இரண்டாண்டுப் பணி. பருவத்தை நீங்கள் முடித்திருக்கலாம். முடித்ததாக ஆணை வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தேர்வெல்லாம் தேறி, ஆணை மட்டும் மேசையில் தூங்கியதால் பட்டியலில் விடுபட்டவர்கள் உண்டு.

விலக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'விலக்கு' என்றதும் எழுதவே வேண்டாம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். தற்காலிக விலக்கு என்றால் என்ன என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் அலசிய வழக்கு ஒன்று கேரளத்திலிருந்து வந்தது. கேரள அரசு எதிர் என்.எம்.தாமஸ் என்பது அதன் பெயர். தாமஸ் பத்திரப் பதிவுத் துறையில் கீழ்நிலை எழுத்தர். மேல்நிலை எழுத்தராக வேண்டுமானால் கணக்குத் தேர்வு (கீழ்நிலை), பதிவுத் தேர்வு, அலுவலக நடைமுறைத் தேர்வு மூன்றையும் தேற வேண்டும். நம் ஊர்த் தேர்வுகளுக்கு உடன்பிறப்புகள் போல இருக்கின்றன அல்லவா? அவர் 1971-லேயே மூன்றையும் முடித்துவிட்டார்.

1972 ஜனவரி 13 அன்று கேரள அரசு தன் பணி விதிகளில் 13-ஏஏ என்று ஒரு விதியைச் சேர்த்தது. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை இந்தத் தேர்வுகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம் என்றது. அதே நாளில் இரண்டாண்டு விலக்கும் அளித்தது. அந்த ஆண்டு பத்திரப் பதிவுத் துறையில் 51 மேல்நிலை எழுத்தர் பதவி உயர்வுகள் நடந்தன. அவற்றில் 34 பேர் இந்த விலக்கின்படி வந்தவர்கள், 17 பேர் தேர்வு தேறியவர்கள். தேறியும் இடம் கிடைக்காத தாமஸ் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1975 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் அரசின் பக்கம் நின்றார்கள், கன்னாவும் குப்தாவும் மாறுபட்டார்கள்.

சட்ட மாணவர்கள் இந்தத் தீர்ப்பைச் சமத்துவம் என்றால் என்ன என்ற விவாதத்துக்காகப் படிப்பார்கள். அது பெரிய விஷயம், நான் அதில் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம்தான். நம் மேசைக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் சின்ன விஷயம். அந்த 34 பேருக்கும் தேர்வு ரத்தாகவில்லை. பதவியை முதலில் எடுத்துக்கொள், தேர்வைக் குறித்த காலத்துக்குள் முடி என்றுதான் அரசு சொன்னது. 1974 ஜனவரியில் அந்தக் காலத்தை இன்னும் நீட்டியது. நீட்டியது என்றால் முடிவு உண்டு என்றுதானே பொருள்? கேரளத்தின் பொதுவான தற்காலிக விலக்கு விதியான 13-ஏ-யிலும் இதே நிபந்தனை இருக்கிறது, காலம் முடிந்தும் தேறாதவர் பழைய பதவிக்கே இறக்கப்படுவார். ஆக, உங்களுக்கோ நண்பர் யாருக்கோ எப்போதாவது தற்காலிக விலக்கு ஆணை கிடைத்தால், அதில் முதலில் தேட வேண்டியது அது முடியும் நாளை. அந்த நாளுக்குள் எத்தனை மே, எத்தனை டிசம்பர் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாய்ப்புகள் அத்தனைதான்.

நிரந்தர விலக்கும் சில இடங்களில் உண்டு. கேரளத்தில் 50 வயதைக் கடந்தவருக்குக் கட்டாயத் துறைத் தேர்விலிருந்து விலக்கு இருக்கிறது. உங்கள் வயதில் அதைப் பற்றி விசாரிப்பது வீண்.

அஞ்சல் துறையில் இருக்கும் உங்கள் நண்பரின் தேர்வோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் எழுதுவது வரையறுக்கப்பட்ட துறைப் போட்டித் தேர்வு. அங்கே காலியிடம் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான், தேர்ச்சி மதிப்பெண் வாங்கியவரும் வெளியே நிற்கலாம், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் எழுதுவது தகுதித் தேர்வு. ஒருமுறை தேறிய தேர்வு பணிக்காலம் முழுதும் தேறியதுதான். அதனால் உங்களுக்கு வேண்டிய இரண்டு தேர்வுகளையும் ஒரே முறையில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கணக்குத் தேர்வைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், பெரும்பாலும் அதுதான் இழுக்கும்.

தேறிய பிறகு ஒரு வேலை பாக்கி. தேர்வாணையம் தரும் சான்றிதழை எடுத்துப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பதிந்தார்களா, அலுவலகத் தலைவர் கையெழுத்திட்டாரா, தேர்வின் பெயரும் மாதமும் ஆண்டும் சரியா என்று கண்ணால் பாருங்கள். பட்டியல் போடுபவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் போடுவதில்லை, பதிவேட்டைப் பார்த்துத்தான் போடுகிறார். மாறுதலில் வேறு அலுவலகம் போகும்போது பதிவேடு பின்னால் வந்து சேரத் தாமதமாகும். அந்தச் சமயத்தில் பட்டியல் வந்தால் சான்றிதழ் நகல்தான் உங்களைக் காப்பாற்றும்.

திங்கட்கிழமை காலை பணியமைப்புப் பிரிவுக்குப் போய், உங்கள் பணிக்கான சிறப்பு விதிகளையும் கடந்த ஆண்டுப் பட்டியல் ஆணையையும் வாங்கிப் படியுங்கள். பட்டியல் ஆணையில் அந்தக் குறித்த நாள் இருக்கும். அதற்கு முன்னால் வரும் தேர்வுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கண்காணிப்பாளர்