ஊறுகாய்ப்புல் கெடுவது குழி திறந்த பிறகே
(மக்காச்சோளத்தைப் பதனிட்டுக் கறவை மாடுகளுக்கு வைத்தல்)

பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றியுள்ள கரிசல் நிலங்களில் புரட்டாசிக் கடைசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம், மார்கழி முடிவில் பால் முற்றி மாவு பிடிக்கும் பருவத்தில் நிற்கும். பங்குனி பிறந்தால் அதே ஊரில் மாட்டின் வாய்க்குப் பசுமை என்பது அகப்படாது. மார்கழிப் பசுமையைப் பங்குனிக்கும் சித்திரைக்கும் வைத்துக்கொள்ளும் உபாயமே சைலேஜ் என்னும் ஊறுகாய்ப்புல்.

இப்பெயர் சற்றுத் தவறான எண்ணத்தை உண்டாக்கிவிட்டது. ஊறுகாய் உப்பினால் நிற்கிறது. ஆகவே தூத்துக்குடி அளத்து உப்பை மூட்டை மூட்டையாகக் குழியில் கொட்டினால் தீவனம் நிற்குமென்று நம்புவோர் இன்றும் உளர். டன்னுக்கு 5 கிலோ உப்பு ருசிக்காகச் சேர்க்கலாம். அதற்கு மேல் அதனால் பயனில்லை. ஊறுகாய்ப்புல்லைக் காப்பவை இரண்டே: காற்றின்மையும் புளிப்பும்.

குழியை மூடியவுடன் உள்ளே நடப்பது யாதெனில், வெட்டிய பயிர் இன்னும் உயிருள்ளதாகையால் இடுக்குகளில் தங்கிய காற்றை உட்கொண்டு சுவாசிக்கிறது. அதனால் பயிரின் சர்க்கரை கரைந்து சூடு உண்டாகிறது. இறுக மிதித்த குழியில் இது சில மணி நேரத்தில் அடங்கும். தளர்வாக நிரப்பிய குழியில் நாட்கணக்கில் நீளும். காற்று தீர்ந்தபின் ஓரிரு நாட்கள் வினிகர்ப் புளிப்பைத் தரும் நுண்ணுயிர்கள் பெருகும். மூன்றாம் நாள் அளவில், தயிரைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் மேலோங்கி, சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கும். மூன்று வாரத்திற்குள் அமில நிலை 4 என்னும் அளவை ஒட்டி வந்து நிற்கும். காற்றில்லாத அப்புளிப்பில் தீவனத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வேலை செய்ய இயலாது. காற்றுப் புகாத வரையில் தீவனம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பின்லாந்து தேசத்து விர்த்தனேன் என்னும் ரசாயன சாஸ்திரி, புல்லின் மேல் அமிலத்தைத் தெளித்தே இந்நிலையை உண்டாக்கலாமென்று காட்டி 1945-இல் நோபல் பரிசு பெற்றார். நம் மக்காச்சோளத்தில் சர்க்கரை போதிய அளவு இருப்பதால் அச்செலவு வேண்டியதில்லை.

ஈரம் சரியாயிருத்தல் முக்கியம். நறுக்கிய தீவனத்தை ஒரு பிடி எடுத்து அரை நிமிஷம் இறுக்கிப் பிடித்து விடுக. சாறு சொட்டினால் ஈரம் மிகுதி. அப்படியே மூடினால் வெண்ணெய் ஊசிய நாற்றம் தரும் பியூட்ரிக் அமிலம் உண்டாகும். உருண்டை உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் காற்று உள்ளே தங்கும். உருண்டை மெல்ல விரிந்து, கை நனைந்தும் சொட்டாமலும் இருந்தால் அதுவே பதம். கம்பு நேப்பியர் போன்ற புல்லில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. ஆகையால் அதை வெட்டி அரை நாள் முதல் ஒரு நாள் வரை வாடவிட்டு, டன்னுக்கு 20 முதல் 30 கிலோ சர்க்கரைப் பாகுக் கழிவைத் தெளித்து நிரப்புதல் வேண்டும்.

இவையனைத்தையும் வழுவாமல் செய்தும் ஒருவருக்கு நேர்ந்த நஷ்டத்தை இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில் அக்குழியின் அளவை வகுத்துக் கொடுத்தவன் நானே. நான்கு கறவை மாடுகள் உடைய ஒரு குடியானவர், 16 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரே குழி வெட்டினார். நன்கு மிதித்த தீவனம் கன அடிக்குச் சுமார் 15 கிலோ நிறை. ஆக 480 கன அடியில் 7,200 கிலோ அடங்கிற்று. பங்குனி முதல் வாரத்தில் ஒரு முனையைத் திறந்தபோது மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், பழப்புளிப்பு மணத்துடன், குறை சொல்ல இடமின்றி இருந்தது. மாடொன்றுக்கு 15 கிலோ வீதம் தினம் 60 கிலோ எடுத்து வந்தார். மூன்றாம் வாரத்தில், "ஐயா, குழி அடுப்பு மாதிரி கொதிக்குது, மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குது" என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். வெட்டுமுகத்தில் கை வைக்க முடியாத சூடு, கள் நாற்றம், ஓரங்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். பாதிக்கு மேல் எருக்குழிக்குப் போயிற்று. தீவனமின்றி அவர் ஒரு மாட்டை விற்க நேர்ந்தது.

பிழை எங்கே? 6 அடிக்கு 5 அடி என்றால் வெட்டுமுகம் 30 சதுர அடி. தினம் எடுத்த 60 கிலோ 4 கன அடியே. அதாவது முகம் நாளொன்றுக்கு ஒன்றரை அங்குலத்திற்குச் சற்று அதிகமாகவே பின்வாங்கிற்று. நன்கு மிதித்த குழியிலும் திறந்த முகத்திலிருந்து ஓரடிக்கு மேல் காற்று ஊடுருவும். ஆகவே ஒவ்வொரு பிடித் தீவனமும் மாட்டின் முன் வருமுன் ஒரு வாரத்திற்கு மேல் காற்றுண்டிருந்தது. பதநீரைக் கள்ளாக்கும் ஈஸ்ட் இனம் அதற்குள் விழித்துக்கொண்டு, காவலாயிருந்த லாக்டிக் அமிலத்தையே தின்றுவிடுகிறது. புளிப்புக் குறைந்ததும் பூஞ்சணம் ஏறுகிறது. நம் பக்கத்து வெயிலில் இதற்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். வெயிற்காலத்தில் முகம் தினம் 6 அங்குலமாவது பின்வாங்க வேண்டும். மொத்தம் எவ்வளவு வேண்டுமென்று பார்த்துக் குழி வெட்டலாகாது. தினம் எவ்வளவு எடுப்போமென்று பார்த்தே வெட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே நான்கு மாட்டுக் கணக்கில் குழியை மாற்றினோம். 3 அடி அகலம், 3 அடி ஆழம், 10 அடி நீளத்தில் தனித்தனியே ஆறு பள்ளங்கள். முகம் 9 சதுர அடி. 60 கிலோவும் கழிவும் சேர்த்து எடுத்தால் ஏறக்குறைய 6 அங்குலம் பின்வாங்கும். ஒரு பள்ளம் 1,350 கிலோ கொள்ளும். கழிவு போகச் சுமார் 1,200 கிலோ, 20 நாட்களுக்குப் போதும். ஐந்து பள்ளங்கள் நூறு நாட்களுக்கு, ஆறாவது கைக்காவல். ஒரு பள்ளம் திறந்திருக்கையில் மற்றவை முத்திரையிட்டபடியே இருக்கும்.

கரிசலில் பள்ளம் வெட்டுவோர் ஒன்று கவனிக்க வேண்டும். கோடையில் இம்மண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று பக்கவாட்டில் புகும். மழைநீர் தேங்காத மேட்டில் வெட்டி, அடியிலும் பக்கங்களிலும் கிழியாத தடித்த பாலித்தீன் விரிப்பைப் பரப்பி, அதையே மேலே மடித்து மூடுமளவுக்கு விடுக. மக்காச்சோளத்தை அரை முதல் முக்கால் அங்குலத் துண்டுகளாக இயந்திரத்தில் நறுக்கி, அரையடிப் படலமாகப் பரப்பி, முக்கியமாக ஓரங்களையும் மூலைகளையும் மிதிக்க வேண்டும். ஒரு பள்ளத்தைத் தொடங்கிய அன்றே மூடிவிடுதல் அவசியம். தரைமட்டத்திற்கு மேல் ஓரடி குவித்து விரிப்பை மடித்து, ஓரடி மண்ணேற்றி, முதல் இரண்டு வாரம் தினமும் பார்த்து மேல்மண் வெடிப்பை மெழுகி வருக. எலி கடித்த துளை கண்டால் அன்றே ஒட்ட வேண்டும்.

குறைந்தது ஒரு மாதம் சென்றே திறக்கலாம். முதல் நாள் மாட்டுக்கு 5 கிலோ. வாரத்திற்குள் 15 கிலோவாக உயர்த்துக. இதில் புரதம் குறைவு. ஆகையால் புண்ணாக்கை நிறுத்தலாகாது. பாலில் வாடை ஏறாதிருக்கக் கறந்த பிறகே வைக்க வேண்டும்.

திறந்தபின் மூக்கையும் கையையும் நம்புக. கருகிய வெல்ல மணமும் கரும்பழுப்பு நிறமும் இருந்தால் மூடுகையில் காற்று மிகுந்து சூடேறிற்று என்று அறிக; மாடு விரும்பித் தின்னும், ஆனால் புரதம் வீணாகியிருக்கும். பூஞ்சணம் கண்ட பகுதியை அதன் சுற்றுப்புறத்து ஓரடியோடு சேர்த்து எருவுக்குத் தள்ளுக. நல்லதோடு கலந்து வைத்தால் சரியாகிவிடும் என்பது பிழை. சில பூஞ்சணங்களின் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் மாட்டின் வயிற்றில் முற்றிலும் அழியாமல் ஒரு பகுதி பாலில் இறங்கும். அப்பால் முதலில் போவது வீட்டுக் குழந்தைக்குத்தான்.