காலித் தொட்டிக்கும் 4 மில்லி ஆம்பியர்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகச் சேர்ந்தால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கழிவுநீர்த் தொட்டி காலியாக இருந்தாலும் லெவல் டிரான்ஸ்மிட்டர் 4 மில்லி ஆம்பியர் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏன்?

4 மீட்டர் ஆழத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலி என்றால் 4, பாதி என்றால் 12, முழுத்தொட்டி என்றால் 20 மில்லி ஆம்பியர். தண்ணீர் குறைந்தால் வறண்டு ஓடாமலிருக்க டிரான்ஸ்ஃபர் பம்ப் நின்றுவிடும். இதே அளவு 0 முதல் 20 வரை என்று இருந்தால், ஒயர் அறுந்ததும் பி.எல்.சி. 'தொட்டி காலி' என்றே படிக்கும். பம்ப் நிற்கும், சாய மெஷின்களிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், தொட்டி வழியும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. இங்கே வழிந்த தண்ணீரைச் சின்ன விஷயமென்று யாரும் விடமாட்டார்கள்.

4-இல் தொடங்குவதால் நல்ல நிலையிலுள்ள லூப்பில் மின்னோட்டம் சுழியத்துக்கு இறங்குவதே இல்லை. சுழியம் வந்தால் அது அளவு அல்ல, பழுது. இதைத்தான் லைவ் ஜீரோ என்கிறோம். இரண்டே ஒயரில் இயங்கும் டிரான்ஸ்மிட்டருக்கு, தன் உள்சுற்றை ஓட்டும் மின்சாரமும் அந்த 4-க்குள்தான் கிடைக்கிறது.

ஆனால் இந்த வசதியை புரோகிராமே கெடுத்துவிடலாம். மின்னோட்டம் 0 ஆனால் கணக்குப்படி அளவு மைனஸ் 1 மீட்டர். திரையில் மைனஸ் தெரியக்கூடாதென்று அதைச் சுழியமாக மாற்றி எழுதியிருந்தால், பழையபடி 'தொட்டி காலி'தான். மாற்றுவதற்கு முன்பே மூல மின்னோட்டத்தைப் பார்த்து, 3.6-இலோ அதற்குக் கீழேயோ இரண்டு விநாடி நின்றால் அலாரம் கொடுக்க வேண்டும். நாமூர் என்இ 43 பரிந்துரையும் 3.6-ஐயும் அதற்குக் கீழுள்ளதையும் பழுதாகவே கொள்கிறது.

அலாரம் வந்தால் மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து டிரான்ஸ்மிட்டரின் இரு டெர்மினலிலும் பாருங்கள். பேனலில் 24 வோல்ட் இருந்து இங்கே சுழியம் என்றால் வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. ஜங்ஷன் பாக்ஸிலிருந்து தேடுங்கள். இங்கேயும் முழு 24 வோல்ட் இருந்து மின்னோட்டம் இல்லையென்றால் ஒயர் நன்றாகவே இருக்கிறது, டிரான்ஸ்மிட்டர்தான் போய்விட்டது.

லைவ் ஜீரோவால் பிடிக்க முடியாத பழுதும் உண்டு. ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் இறங்கினால் இரு ஒயர்களுக்கிடையே மின்சாரம் கசிந்து, 8 வர வேண்டிய இடத்தில் 10 வரும். அது நம்பும்படியான எண், அலாரம் அடிக்காது. உப்புத்தண்ணீர் புழங்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் இது சகஜம். அதனால் அவ்வப்போது அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கி, திரையில் காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புது லூப்பை ஒப்படைக்கும்போது, ஷிப்ட் ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அலாரம் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.