டோபி காட்டைக் கடந்த காவடிகள்: பழைய படங்களை இரவல் கேட்கும் கடிதம்



சிங்கப்பூரில் தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, சிலிகி சாலை வழியாக டோபி காட்டைக் கடந்து, டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலைச் சேர்கின்றன. இந்த ஊர்வலத்தின் பழைய படங்களில் பல ஆவணக் காப்பகத்தில் இல்லை. வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. ஒரு சமூகக் குழு நினைவுக் காணொளி தயாரிக்கும்போது அவற்றைக் குடும்பங்களிடம்தான் கேட்டாக வேண்டும். கேட்கும் கடிதம் எப்படி எழுதப்படுகிறதோ, கிடைப்பதும் அப்படியே.

‘உங்களிடம் உள்ள பழைய திருவிழாப் படங்களைத் தாருங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று வீட்டாருக்குத் தெரியாது. 1968க்குப் பிறகு தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறை அல்ல. எனவே ‘தைப்பூசத்துக்கு விடுமுறை இருந்த காலத்துப் படங்கள்’ என்று கேட்டால் வீட்டுப் பெரியவருக்கு உடனே காலம் பிடிபடும். ‘டோபி காட் அருகே, கத்தே கட்டடம் பின்னால் தெரியும்படி எடுத்தவை’ என்றால் இடமும் பிடிபடும். ஆண்டை மட்டும் கேட்பதைவிட இப்படிக் கேட்பது பலன் தரும். தன் திருமணத்துக்கு முன்பா பின்பா என்றுதான் பலரும் காலத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கடிதத்தின் உடல் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. ஒரு மாதிரி:

“மதிப்பிற்குரிய அம்மா, ஐயா, வணக்கம். எங்கள் குடியிருப்பாளர் குழு, தைப்பூச ஊர்வலம் டோபி காட்டைக் கடந்து சென்ற பழைய காலத்தைப் பற்றி இருபது நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிக்கிறது. உங்கள் வீட்டில் காவடி எடுத்தவர்களின் படங்கள், ஒலிநாடாக்கள், வீடியோ கேசட்டுகள் இருந்தால் இரவலாகத் தர வேண்டுகிறோம். நாங்களே வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, ரசீது தந்து எடுத்துச் செல்வோம். பதினான்கு நாளில் திருப்பித் தருவோம். வெளியே அனுப்ப மனமில்லை என்றால் உங்கள் வீட்டு மேசையிலேயே நகல் எடுத்துக்கொள்கிறோம். காணொளி சமூக மன்றத்தில் மட்டும் திரையிடப்படும். இணையத்தில் ஏற்றுவதென்றால் தனியே அனுமதி கேட்போம். யாருடைய படத்தைக் காட்டக் கூடாது என்று சொல்கிறீர்களோ அதைக் காட்ட மாட்டோம். எல்லாவற்றின் நகலும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்.”

கடைசியில் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். குழுவின் பெயர் மட்டும் இருந்தால், படம் தொலைந்தால் யாரைக் கேட்பது என்ற ஐயம் எழும். அந்த ஐயம் நியாயமானதே.

இந்த மாதிரியில் மிகுந்த எடை உள்ள வரி, காட்டக் கூடாதவர்களைப் பற்றியது. காவடி என்பது நேர்த்திக்கடன். குழந்தையின் நோய், கடன் தொல்லை, பிள்ளை வரம் என்று வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கும்; அதை ஊரறியச் சொல்ல எல்லோரும் விரும்புவதில்லை. அலகு குத்திய முகத்தை அருகில் காட்டலாமா, படத்தில் உள்ளவர் காலமாகிவிட்டால் அவர் பிள்ளைகள் அனைவருக்கும் சம்மதமா என்பவற்றைப் படத்தை வாங்கும்போதே கேட்டு, ரசீதில் அந்தப் படத்தின் எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்வது முறை. படத்தைக் கையில் தருவதால் அதன் பதிப்புரிமை கைமாறிவிடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆல்பத்தில் ஒட்டிவைத்த நாளிதழ்ப் படத்துக்கு வீட்டாரின் சம்மதம் மட்டும் போதாது. நாளிதழிடமும் கேட்க வேண்டும்.

இரவல் பொருள் கெட்டுப்போவது பெரும்பாலும் நல்ல எண்ணத்தால்தான். பசைத் தாளின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்திய பழைய ஆல்பங்களில் படம் தாளோடு இறுகிவிடும். இழுத்தால் முனை கிழியும், மேற்பரப்பும் உரியும். வராத படத்தைப் பிடுங்காமல், உறையை மெல்ல விலக்கிப் பக்கத்தோடு ஸ்கேன் செய்தால் போதும். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2100க்கு 3000 புள்ளிகள் கிடைக்கும். காணொளிச் சட்டத்தின் அகலம் 1920 புள்ளிதான் என்பதால், படத்தின் மூன்றில் இரண்டு பங்கு அகலத்தை மட்டும் எடுத்துத் திரை முழுக்கக் காட்டினாலும் தெளிவு குறையாது. கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தை நெருங்கிக் காட்டுவதென்றால் 1200 புள்ளி வைப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பழைய அச்சுத் தாளின் துகள்கள்தான் பெரிதாகத் தெரியும்.

வீடியோ கேசட் வேறு கதை. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சிறு சன்னல் வழியே சுருளைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளைப் பொடியோ புள்ளிகளோ தெரியும். தெரிந்தால் அதைக் கருவியில் போடவே கூடாது. பூஞ்சை கருவியின் தலையில் ஒட்டி, அடுத்து வரும் இன்னொரு வீட்டாரின் நாடாவையும் தொற்றும். அதைத் தனிப் பையில் கட்டி, நாடாக்களைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் தர வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஒலிநாடாவிலும் முதலில் மேல் விளிம்பில் உள்ள சிறு தடுப்புத் துண்டுகளை உடைத்துவிட வேண்டும். இல்லையேல் தவறான பொத்தான் ஒன்று அழுத்தப்பட்டாலே தாத்தாவின் குரல் அழிந்துவிடும். உடைப்பதற்கும் வீட்டாரைக் கேட்பதே மரியாதை.

வந்த படங்களுக்கு ஆண்டு கணிப்பது அடுத்த வேலை. ஒரு குடும்பம் தந்த படத்தை ‘அறுபதுகளின் கடைசி’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். காவடிக்குப் பின்னால் டோபி காட்டின் பிளாசா சிங்கப்பூரா முழுக் கட்டடமாக நிற்கிறது. அது திறக்கப்பட்டது 1974இல்; எனவே குடும்பத்தின் நினைவு சில ஆண்டுகளாவது பிசகியிருக்கிறது. பின்னால் தெரிவது 1939இல் எழுந்த கத்தே மட்டும் என்றால் இந்த வழியில் ஒன்றும் முடிவாகாது. பெருமாள் கோயில் வாசலில் உயர்ந்த ராஜகோபுரம் தெரிந்தால் படம் எழுபதுகளின் கடைசிக்கு முந்தையதாக இருக்க முடியாது. ஒலியும் ஒரு தடயம்: ஊர்வலத்தில் வாத்தியம் வாசிப்பதற்கு 1973இல் தடை வந்தது, 2016இல் வழியில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஒலிப்பதிவில் மேளம் கேட்பதால் மட்டும் அது தடைக்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. கோயிலுக்குள் பதிந்ததாகவும் இருக்கலாம், விதியை மீறி யாரோ தட்டியதாகவும் இருக்கலாம்.

கணித்த ஆண்டைக் காணொளியில் ‘1974க்குப் பின்’ என்று எழுதுவதே நேர்மை. குடும்பம் சொன்னது தவறு என்று தெரிந்தால் திரையிடலுக்கு முன்பே, தனியாக, காரணத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்; நிறைந்த அரங்கில் வீட்டுப் பெரியவர் அதை முதன்முறையாக அறிவது நன்றாக இருக்காது. திருப்பித் தரும் நாளில் ரசீதின் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வீட்டாரின் கையொப்பம் பெற்று, நகல்கள் உள்ள பென்டிரைவையும் அப்போதே தந்துவிட வேண்டும். ‘காணொளி முடிந்ததும் தருகிறோம்’ என்று நகலைத் தள்ளிப்போட்ட குழுக்களுக்கு அதே தெருவில் அடுத்த வீடு கதவைத் திறப்பதில்லை.