24 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்று: தீவுப்பகுதிப் பற்றரிக்கு எந்தக் கட்டுப்பாட்டு முறை?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி இருந்து வந்தவை. அங்கே சூரிய ஒளி, காற்று, பற்றரி சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்திய நிதியுதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தக் கட்டுரை அதைவிடச் சிறிய ஒரு வேலையைப் பற்றியது: 24 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து ஒரு றவுட்டருக்கும் விளக்குகளுக்கும் 12 வோல்ற்று, 2 அம்பியர் கொடுக்கும் ஆளி வகைச் சீராக்கியைக் கட்டுவது.

இங்கே கவனிக்கவேண்டியது பற்றரியின் வீச்சு. வெயில் நேரம் ஏற்றும்போது 29 வோல்ற்று வரை ஏறும். விடியப்புறம் 22 வோல்ற்றுக்கு இறங்கும். ஆளி மூடியிருக்கும் பங்கு, வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் வருவது. அது பகலில் 0.41, விடியப்புறம் 0.55. இடையில் 0.5 என்ற எல்லையைக் கடக்கிறது. இந்த வடிவமைப்பின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சுருளையும் கொள்ளளவியையும் தீர்மானியுங்கள். 300 கிலோஹேர்ட்ஸ் ஆளி வேகத்தில், அலைவு மின்னோட்டம் 0.6 அம்பியராக இருக்க 33 மைக்ரோஹென்றிச் சுருள் போதும். வெளியீட்டில் 100 மைக்ரோபரட் வையுங்கள். பீங்கான் கொள்ளளவி என்றால் 12 வோல்ற்று ஏறியதும் அதன் பெறுமானம் பாதியாகக்கூடக் குறையலாம். ஆகவே மேலே அச்சிட்ட எண்ணை நம்பாமல், தரவுத்தாளில் 12 வோல்ற்றுக்குரிய பெறுமானத்தைப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

அடுத்து முறையைத் தெரிவு செய்யவேண்டும். வோல்ற்றளவு முறையில் சீராக்கி வெளியீட்டை மட்டும் பார்க்கிறது. சுருளும் கொள்ளளவியும் சேர்ந்து 2.8 கிலோஹேர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, அதற்கு மேலே அவத்தையை 180 பாகை வரை பின்தள்ளுகின்றன. அதை மீட்க ஈடுசெய் வலையில் இரண்டு பூச்சியங்களை அந்த 2.8 கிலோஹேர்ட்ஸைச் சுற்றி வைக்கவேண்டும். மேலே சத்தத்தை அடக்க இரண்டு முனைவுகளும் வேண்டும். இதுவே மூன்றாம் வகை ஈடுசெய்தல். பாகங்கள் கூடுதல், ஒன்றை மாற்றினால் மற்றவையும் நகரும். அதோடு பின்னூட்டத் தடத்தின் பெருக்கம் உள்ளீட்டு வோல்ற்றளவுக்கு நேர்விகிதமானது: 29 வோல்ற்றில் 20 கிலோஹேர்ட்ஸாக இருக்கும் கடப்பு அதிர்வெண் 22 வோல்ற்றில் ஏறத்தாழ 15 ஆகிவிடும். உள்ளீட்டுக்கு ஏற்பச் சாய்வலையின் உயரத்தை மாற்றும் முன்னூட்ட வசதி சில்லில் இருந்தால் மட்டுமே இந்தக் குறை நீங்கும்.

மின்னோட்ட முறையில் உள்ளே இன்னொரு தடம் இருக்கிறது. அது சுருளின் மின்னோட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் கட்டுப்படுத்துவதால், வெளித் தடத்துக்குச் சுருள் தனிப் பாகமாகத் தெரிவதில்லை. கொள்ளளவியும் சுமையும் தரும் ஒரு முனைவே மிஞ்சுகிறது. நம் 6 ஓம் சுமைக்கு அது 265 ஹேர்ட்ஸ். ஒரு பூச்சியம் போதும், இரண்டாம் வகை ஈடுசெய்தல் போதும். வழுப் பெருக்கியின் கடத்தாற்றல் 250 மைக்ரோஅம்பியர்/வோல்ற்று, வலு நிலையினது 10 அம்பியர்/வோல்ற்று, உசாத்துணை 0.8 வோல்ற்று என்று ஒரு சில்லின் தரவுத்தாள் சொன்னால், கணக்கு இவ்வளவுதான்:

```
Rc = 2π·fc·Cout·Vout / (gm_ea·gm_ps·Vref)
   = 2π·20000·100e-6·12 / (250e-6·10·0.8) ≈ 75 kΩ
Cc = Rload·Cout / Rc = 6·100e-6 / 75000 = 8 nF
```

8.2 நானோபரட் போடுங்கள். சுமை குறைந்தால் முனைவு கீழே நகரும். ஆனால் கடப்பு அதிர்வெண் அசையாது, ஏனென்றால் அந்த இடத்தில் கொள்ளளவியின் தடங்கலே ஆட்சி செய்கிறது.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஆளி மூடிய பங்கு 0.5ஐத் தாண்டினால், சுருள் மின்னோட்டத்தின் சிறு பிழை அடுத்தடுத்த சுற்றில் பெருகி, சீராக்கி பாதி அதிர்வெண்ணில் தள்ளாடும். மருந்து சாய்வு ஈடுசெய்தல்: சுருள் மின்னோட்டம் இறங்கும் சாய்வில் குறைந்தது பாதியைச் சேர்க்கவேண்டும். இங்கே இறங்கும் சாய்வு 12/33, அதாவது மைக்ரோசெக்கனுக்கு 0.36 அம்பியர், பாதி 0.18. சில சில்லுகளில் சாய்வு உள்ளேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் சுருளின் பெறுமானத்தைக் குறைக்காதீர்கள். சிறிய சுருளில் இறங்கும் சாய்வு கூடி, உள்ளே உள்ளது போதாமல் போகும். அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தாலோ, தடம் மெல்ல வோல்ற்றளவு முறையின் நடத்தைக்குத் திரும்பி, ஒத்ததிர்வு மறுபடி தலைகாட்டும்.

சோதிக்கும்போது உள்ளீட்டை 22 வோல்ற்றுக்கு இறக்கி, முழுச் சுமையில் ஆளி முனையை அலைவுகாட்டியில் பாருங்கள். துடிப்புகள் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என மாறி மாறி வந்தால் அது சாய்வுப் பிரச்சினை. Rc, Ccயைத் தொட்டுப் பயனில்லை. துடிப்புகள் சீராக இருந்தும், சுமையை 0.5இலிருந்து 1.5 அம்பியருக்கு ஏற்றும்போது வெளியீடு பலமுறை ஊசலாடினால், அவத்தை இடைவெளி குறைவு. அப்போது Rcயைக் குறைத்து, Ccயை அதே விகிதத்தில் கூட்டுங்கள். ஒரே ஒரு பள்ளம் விழுந்து அமைதியானால் போதும்.

மிகக் குறைந்த சுமையில் மின்னோட்டச் சைகை சிறிதாகிச் சத்தத்தில் மறைவதால், எப்போதும் சில பத்து மில்லியம்பியர் மட்டும் எடுக்கும் கருவிக்கு வோல்ற்றளவு முறையே நல்லது. பற்றரியில் இயங்கும் றவுட்டருக்கும் விளக்குக்கும் மின்னோட்ட முறையைத் தெரிவு செய்யுங்கள். 29 வோல்ற்றில் மட்டும் சோதித்துவிட்டுத் தீவுக்கு அனுப்பாதீர்கள்.