‘முதல்’ என்று எழுதும் முன்: கேள்வி தயாரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் எது என்று கேட்டால், கோல சிலாங்கூர்ப் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்: தென்னமரம் தோட்டம், 1917. இதே விடையை ‘மலாயாவில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது எங்கே, எப்போது?’ என்ற கேள்விக்கும் எழுதுகிறார்கள். அங்கே அது தவறு. பொது அறிவுப் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கிற ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தாரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் நினைவில் உள்ளதை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். ‘மலேசியாவின் முதல் செம்பனையை 1917இல் ஹென்றி ஃபோகோனியே தென்னமரத்தில் நட்டார்.’ யார், எங்கே, எப்போது, எந்த வகையில் முதல் என்று அதை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். மொத்தமாகத் தேடினால் பாதி சரியான விடையும் முழுதும் சரி என்றே தோன்றும்.

இந்த நான்கில் ‘முதல்’தான் ஆளைக் கவிழ்ப்பது. செம்பனை மலாயாவுக்கு வந்தது 1870களில். அப்போது அதை அழகுக்காக நட்டார்கள். பிரெஞ்சுத் தோட்டக்காரரான ஃபோகோனியே 1911இல் சுமத்ராவில் விதை வாங்கி வந்து, தம்முடைய ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் நட்டார். 1917இல் தென்னமரத்தில் சரியாக வராத காப்பிச் செடிகளை விட்டுவிட்டு, வணிகத்துக்காகச் செம்பனை போட்டார்கள். ஆக மூன்று ‘முதல்’கள் இருக்கின்றன, ‘வணிக நோக்கில், மலாயாவில்’ என்ற சொற்களைச் சேர்த்தால்தான் 1917 நிற்கும். ‘தென்கிழக்காசியாவில்’ என்று விரித்தாலும் விழுந்துவிடும். ஃபோகோனியே விதை வாங்கிய பெல்ஜியரான அட்ரியன் ஹாலே, சுமத்ராவில் 1917க்கு முன்பே செம்பனைத் தோட்டம் போட்டிருந்தார். ‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால், எதில் முதல், எந்த எல்லைக்குள் முதல் என்று கேட்காமல் நான் எந்தக் கேள்வியையும் ஏற்பதில்லை.

அடுத்தது ஆதாரம். இணையத்தில் ஐந்து பக்கங்கள் 1917 என்கின்றனவே என்று நிம்மதி அடையாதீர்கள். ஐந்தையும் அருகருகே வைத்து வாசியுங்கள். அழகுக்கு நட்டது, சுமத்ரா விதை, காப்பிக்குப் பதில் செம்பனை என்று ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்தால், எல்லாம் ஒரே இடத்திலிருந்து நகல் எடுத்தவை. அவற்றை ஒரே சாட்சியாகத்தான் எண்ண வேண்டும். இன்னொரு சாட்சிக்குப் புத்தகத்துக்குப் போங்கள். கார்லியும் டிங்கரும் எழுதிய The Oil Palm இந்தத் துறையின் அடிப்படை நூல். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நூலில் ஆண்டைப் பார்த்ததும் மூடிவிடாமல், அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பையும் பாருங்கள்.

பழைய நாளிதழைத் தேட சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் NewspaperSG தளம் போதும், இலவசம். ஆனால் அதில் தென்னமரம் இருக்கும் ஊரை ‘பெஸ்தாரி ஜெயா’ என்று தேடினால் பழைய செய்தி எதுவும் வராது. ஊர் அப்போது பத்தாங் பெர்ஜுந்தை. நாட்டின் பெயரையும் மலேசியா என்று போடக் கூடாது. மலாயா என்று போடுங்கள். நான் இப்படித்தான் தட்டச்சிடுவேன்:

```
"oil palm" Tennamaram
"oil palm" "Batang Berjuntai"
"oil palm" "Kuala Selangor"
```

ஆண்டு எல்லையை 1910 முதல் 1935 வரை வையுங்கள். பழைய அச்சைக் கணினி வாசிக்கும்போது எழுத்துகளைத் தப்பாகப் படிக்கும். m என்பது rn ஆகிவிடும். அதனால் தோட்டத்தின் பெயரில் ஒன்றும் கிடைக்காவிட்டால், செய்தியே இல்லை என்று முடிவு கட்டாமல் ஊர்ப் பெயரில் தேடுங்கள். ரந்தாவ் பாஞ்சாங் என்று தேடும்போது கிளந்தான் எல்லையில் உள்ள ஊரும் வந்து நிற்கும். ‘சிலாங்கூர்’ சேர்த்துத் தேடினால் அந்தக் குழப்பம் குறையும்.

ஆண்டைச் சோதிக்க ஒரு குறுக்குவழி உண்டு. செம்பனை நட்டுக் குலை தள்ள இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஆகவே 1917இல் தென்னமரத்திலிருந்து எண்ணெய் ஏற்றுமதியானது என்று யாராவது எழுதியிருந்தால், புத்தகத்தைத் திறக்காமலேயே அதை அடித்துவிடலாம்.

தோட்டத்துப் பெரியவர்களிடமும் கேளுங்கள். எந்தப் பக்கம் காப்பி இருந்தது, பழைய ஆலை எங்கே நின்றது என்பதை அவர்கள் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அது புத்தகத்தில் கிடைக்காது. ஆண்டை மட்டும் அவர்கள் வாய்மொழியை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கடைசியாகக் கேள்வியைத் திருத்தி எழுதுங்கள்: ‘மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்ட சிலாங்கூர்த் தோட்டம் எது?’ விடைத்தாளின் ஓரத்தில் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் குறித்துவையுங்கள். மேடையில் ஒரு பிள்ளை எழுந்து ‘ரந்தாவ் பாஞ்சாங் இல்லையா, சார்?’ என்று கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.