சித்தி பையன் தவறவிட்ட தேதி

எங்கள் சித்தி பையன் இங்கே பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கிலாந்தில் மூன்று வருஷம் பிஎஸ்சி படித்தான். திரும்பி வந்து டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தான். அதில் கேட்ட பட்டத்தின் பெயர் ஒன்று, இவன் பட்டத்தின் பெயர் வேறொன்று. "அக்கா, சமம்தானே, அதற்கான சான்றை அப்புறம் வாங்கிக்கலாம்" என்றான். எழுத்துத் தேர்வில் தேறினான். சான்றிதழ் சரிபார்ப்பில் கோப்பு நின்றுவிட்டது. அறிவிப்பு ஜூனில் வந்திருந்தது, இவன் கையிலிருந்த அரசாணையோ ஆகஸ்டில் பிறந்தது.

கேட்ட பட்டமும் உங்கள் பட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால், 'இதுவும் அதற்குச் சமம்' என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பாடு என்று டிஎன்பிஎஸ்சி அறிவிப்பிலேயே இருக்கும். அறிவிப்புத் தேதிக்கு முன்பே வெளிவந்த அரசாணைதான் செல்லும். அதனால் முதலில் உயர்கல்வித் துறையின் பழைய இணைத்தன்மை அரசாணைகளைத் தேடுங்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அதில் ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால், ஊருக்கு வந்த கையோடு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இதோடு பலர் போட்டுக் குழப்பிக்கொள்வது யுஜிசி இணைத்தன்மைச் சான்றை. பல காலமாக இதை டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் கொடுத்துவந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி தனி விதிமுறையே கொண்டுவந்தது, விண்ணப்பம் ஆன்லைனில். உங்கள் பட்டம் இந்தியப் பட்டத்தின் மட்டத்தில் நிற்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். குறிப்பிட்ட பதவி கேட்கும் பாடத்துக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. சித்தி பையன் யுஜிசி சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, அரசாணையை அப்புறம் வாங்கினால் போதும் என்று நினைத்துவிட்டான். மருத்துவம், சட்டம் படித்தவர்கள் இந்த வாசலுக்கே வர வேண்டாம். அவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம், பார் கவுன்சில் என்று தனி வழி உண்டு.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பை இங்கே முடித்து, மேற்படிப்பை மட்டும் வெளியே படித்தவரா நீங்கள்? பதவிக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும் என்றால் இங்கே வாங்கிய பட்டத்தைக் காட்டுங்கள். வெளிநாட்டு எம்எஸ்சிக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. என் தோழி ஒருத்தி இது தெரியாமல் ஒரு வருஷம் அலைந்தாள்.

அலைச்சலில் பெரியது அப்போஸ்டில் முத்திரை. பட்டம் எந்த நாட்டில் கொடுக்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் அதற்கு முத்திரை வாங்க முடியும். நம் வெளியுறவு அமைச்சகம் இந்திய ஆவணங்களுக்குத்தான் போடும். இங்கிலாந்துப் பட்டம் என்றால் அங்கே ஒரு வழக்கறிஞர் அல்லது நோட்டரி சான்றளித்த பிறகு அங்குள்ள வெளியுறவுத் துறைக்குப் போக வேண்டும். படிப்பு முடிந்து அங்கே இருக்கும்போதே செய்துவிட்டால் ஒரு கூரியரோடு போயிற்று. ஊரில் உட்கார்ந்து செய்தால் ஏஜென்ட்டுக்குக் காசு, அசல் பட்டம் கடல் தாண்டுகிறதே என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. மதிப்பெண் பட்டியலையும் அப்போதே முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அங்கே தங்கிப் படித்தீர்கள் என்பதற்கு விசாவும் குடியேற்ற முத்திரைகளும்தான் சாட்சி.

அப்புறம் இந்த இனிஷியல் தொல்லை! பத்தாம் வகுப்புச் சான்றில் 'கே' என்று ஒற்றை எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். அங்குள்ள பல்கலைக்கழகம் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பட்டத்தில் அதையே அச்சடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு நீங்கள் இரண்டு பேர். 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் சில இடத்தில் போதும், சில இடத்தில் அரசிதழில் வெளியிட்டுவிட்டு வா என்பார்கள். வெளிநாட்டு விண்ணப்பம் போடும் முன்பே எல்லாச் சான்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தேதி இன்னொரு விதத்தில் குறுக்கே நிற்கும். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது பணிப்பதிவேட்டில் அந்தப் பட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை ஏற்றக் கேட்டால், சேரும் முன்பே துறையிடம் வாங்கிய படிப்பு அனுமதி எங்கே என்பார்கள். பட்டம் வாங்கிவிட்டு, அனுமதியைப் பின்தேதியிட்டுக் கேட்டு நின்றவர்களை எங்கள் பிரிவிலேயே பார்த்திருக்கிறேன். அனுமதி உத்தரவின் நகல் ஒன்றை அலுவலகக் கோப்பை நம்பாமல் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். மாறுதல் ஆணை வந்தால் கோப்பு உங்களோடு வராது.